தேயும் பேட்டரி, குறையாத வெளிச்சம்

மூன்று வெள்ளை எல்இடிகளைத் தொடராக இணைத்தால், அவை எரிய ஏறத்தாழ 9.6 வோல்ட் வேண்டும். கையில் இருப்பதோ ஒரே ஒரு லித்தியம் செல். முழுதாகச் சார்ஜ் ஏறியிருக்கும்போது அது 4.2 வோல்ட் தரும். தீரும் தறுவாயில் 3.2 வோல்ட்தான். இடையில் நின்று வோல்டேஜை உயர்த்தித் தருவது பூஸ்ட் கன்வர்ட்டர்.

அதில் ஒரு காயில், ஒரு மோஸ்ஃபெட் சுவிட்ச், ஒரு டயோடு, ஒரு கெபாசிட்டர் இருக்கும். சுவிட்ச் ஆனில் இருக்கும்போது பேட்டரியின் வோல்டேஜ் முழுவதும் காயிலின் மேல் விழுகிறது. காயிலில் கரண்ட் ஏறுகிறது. அந்நேரம் எல்இடிகளை எரியவைப்பது கெபாசிட்டர். சுவிட்ச் ஆஃப் ஆனதும் கரண்ட் சட்டென்று நிற்கக் காயில் விடாது. தன் வோல்டேஜையும் பேட்டரியோடு சேர்த்து, டயோடு வழியாகக் கரண்டைத் தள்ளுகிறது.

ஒவ்வொரு சுற்றிலும் காயிலில் ஏறிய கரண்ட் அதே அளவு இறங்கியாக வேண்டும். பேட்டரி 3.2 வோல்ட்டில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஏறும்போது காயிலின் மேல் 3.2 வோல்ட், இறங்கும்போது 9.6-இல் 3.2 போக, 6.4 வோல்ட். இறக்கும் வோல்டேஜ் இரண்டு மடங்கு என்பதால், ஆன் நேரம் ஆஃப் நேரத்தைப்போல் இரண்டு மடங்கு இருக்க வேண்டும். அதாவது ஒரு சுற்றில் மூன்றில் இரண்டு பங்கு ஆன். இந்தப் பங்குக்குத்தான் டியூட்டி சைக்கிள், D, என்று பெயர். சூத்திரம் இதுதான்:

Vout = Vin / (1 − D)

செல் 4.2 வோல்ட்டில் இருக்கும்போது D 56 சதவீதம் போதும், 3.2-க்கு இறங்கினால் 67 சதவீதம் வேண்டும். டயோடிலும் காயிலிலும் ஆகும் இழப்புக்காக இன்னும் சற்றுக் கூடும். எல்இடியின் கரண்ட்டைக் கவனித்தபடி கன்ட்ரோலர் ஐசி D-ஐத் தானே மாற்றிக்கொண்டிருக்கும்.

காயிலில் கரண்ட் எப்போதும் பூஜ்ஜியத்தைத் தொடாத வரைதான் இந்தச் சூத்திரம் செல்லும். நொடிக்கு 5 லட்சம் முறை சுவிட்ச் ஆகும் சர்க்யூட்டில் 22 மைக்ரோஹென்றி காயில் இருக்கிறது, எல்இடிக்கு 100 மில்லிஆம்பியர் போகிறது என்றால், 3.2 வோல்ட்டில் காயிலின் சராசரிக் கரண்ட் 300 மில்லிஆம்பியர். அது சுமார் 200-க்கும் 400-க்கும் இடையே ஏறி இறங்கும். வெளிச்சத்தைக் குறைக்க எல்இடி கரண்ட்டை 32 மில்லிஆம்பியருக்கும் கீழே கொண்டுபோனால், ஒவ்வொரு சுற்றின் கடைசியிலும் காயில் வெறுமையாகிவிடும். பிறகு அதே D-க்குச் சூத்திரம் சொல்வதைவிட அதிக வோல்டேஜ் வரும்.

மறுபக்கமும் ஓர் எல்லை உண்டு. வோல்டேஜ் மூன்று மடங்காகும்போது பேட்டரியிலிருந்து இழுக்கும் கரண்ட்டும் மூன்று மடங்கு. செல் தளர்ந்தால் அதன் உள்மின்தடையில் வோல்டேஜ் மேலும் விழும். ஐசி D-ஐக் கூட்டும். கரண்ட் இன்னும் ஏறும். ஒரு கட்டத்துக்கு மேல் D-ஐக் கூட்டினால் அவுட்புட் உயராது, சரியும். காயில் சூடேறுவதும் விளக்கு விட்டுவிட்டு எரிவதும் இதற்கு அடையாளம். அதனால்தான் நல்ல சர்க்யூட்டில் செல் 3 வோல்ட்டை நெருங்கும்போதே சப்ளையை நிறுத்திவிடும் ஏற்பாடு இருக்கும்.