கதை முடிந்த பிறகும் ஆட ஒரு கேம்

பிடித்த கேம்கள் எல்லாவற்றையும் முடித்துவிட்டு அடுத்து என்ன என்று தேடுபவர்களுக்கு நான் முதலில் சொல்வது ‘ஸ்லே தி ஸ்பையர்’. ஆண்டனி ஜியோவனெட்டியும் கேசி யானோவும் உருவாக்கி, 2019-ல் முழுமையாக வெளிவந்த கார்டு கேம். இதில் கதை என்று பெரிதாக எதுவும் இல்லை. ஒரு கோபுரத்தில் ஏற வேண்டும், செத்தால் அடியிலிருந்து தொடங்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் பாதையும் எதிரிகளும் கிடைக்கும் கார்டுகளும் ஒவ்வொரு முறையும் வேறு.

அயர்ன்கிளாட் என்ற வீரன் பத்து கார்டுகளோடு தொடங்குகிறான். ஒவ்வொரு சுற்றிலும் ஐந்து கார்டு கைக்கு வரும். சண்டையில் ஜெயித்தால் மூன்று கார்டுகள் காட்டப்படும். ஒன்றை எடுக்கலாம், எடுக்காமலும் விடலாம். புதிதாக ஆடுபவர்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வார்கள். பத்து கார்டு இருந்தால் உங்கள் சிறந்த கார்டு இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வரும். முப்பது ஆகிவிட்டால் ஆறு சுற்று காத்திருக்க வேண்டும், அதற்குள் உயிர் போய்விடும். வேண்டாம் என்று விடுவதும் ஒரு நகர்த்தல் என்பது பிடிபடும்போதுதான் இந்த கேம் உண்மையில் திறக்கிறது.

முதல் கட்டத்திலேயே கிரெம்லின் நாப் என்ற முரடன் வருவான். முதல் சுற்றில் அவன் கர்ஜிக்க மட்டும் செய்வான். அதற்குப் பின் நீங்கள் தடுப்பு போன்ற ‘ஸ்கில்’ கார்டு ஒன்றை ஆடினால் அவன் பலம் இரண்டு கூடும், சண்டை முடியும்வரை குறையாது. அவனுடைய 14 புள்ளி அடிக்குப் பயந்து இரண்டு டிஃபெண்ட் போட்டால் பத்து புள்ளி தடுக்கலாம். ஆனால் அந்த அடியே 18 ஆகி, எட்டு உங்கள் மேல் விழும். அடுத்த அடியிலும் அந்தக் கூடுதல் பலம் இருக்கும். அதனால் முதல் சுற்றிலேயே மூன்று எனர்ஜியையும் தாக்குதலில் போட வேண்டும். ‘பாஷ்’ எட்டு புள்ளி அடித்து அவனைப் பலவீனப்படுத்தும். பின்னால் வரும் ஆறு புள்ளி ‘ஸ்ட்ரைக்’ ஒன்பதாகும். மொத்தம் 17. தடுப்புக் கார்டுகளாகவே சேர்த்து வந்தவர் இங்கே திணறுவார். தவறு நடந்தது இந்தச் சண்டையில் அல்ல, முன்பே கார்டு எடுத்த இடத்தில்.

ஜெயித்த பிறகு ‘அசென்ஷன்’ நிலைகள் ஒவ்வொன்றாகத் திறக்கும், மொத்தம் 20. கடைசி நிலையில் மூன்றாம் கட்டத்தின் முடிவில் ஒன்றுக்குப் பதில் இரண்டு பாஸ்கள் அடுத்தடுத்து நிற்பார்கள்.

தோற்றது கெட்ட நேரத்தாலா என்று சந்தேகம் வந்தால் அந்த ஆட்டத்தின் ‘சீட்’ எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதே எண்ணைக் கொடுத்து, அதே வீரனோடு அதே நிலையில் தொடங்கினால் அதே வரைபடம் கிடைக்கும். அது சாதனைக் கணக்கில் சேராது. ஆனால் வேறு பாதையில் போய், வேறு கார்டை எடுத்துப் பார்த்து, எந்த முடிவு உங்களைக் கவிழ்த்தது என்று தேடலாம்.