எண்ணெயோடு உள்ளே போகும், கொழுப்பிலே தங்கிவிடும்

அத்தை மருந்துகளைப் பழைய பிஸ்கட் டின்னில் வைத்திருப்பார். முழங்கால் வலிக்காக டாக்டர் எழுதிக் கொடுத்த வைட்டமின் டி பவுடர் சாஷேக்களும் அதில்தான் இருந்தன. எட்டு வாங்கியதில் மூன்றுதான் மிச்சம். வாங்கி ஐந்து நாள்தான் ஆகியிருந்தது.

"தினம் காலையில எழுந்ததும் கருங்காப்பியில கலக்கிக் குடிச்சிடறேன்பா. வெறும் வயித்துல போனாத்தானே மருந்து பிடிக்கும்?" என்றார்.

மருந்துச் சீட்டில் வாரம் ஒன்று, எட்டு வாரம் என்று டாக்டர் சரியாகத்தான் எழுதியிருந்தார். ஆனால் எழுதியிருந்தது ஆங்கிலத்தில். அத்தை படித்தது மருந்துக்கடை கவரை. அதில் காலை, மதியம், இரவு என்று மூன்று கட்டங்கள் அச்சடித்திருந்தன. காலைக் கட்டத்தில் ஒரு டிக். வாரத்துக்கு ஒருமுறை என்பதைக் குறிக்க அந்தக் கவரில் இடமே இல்லை.

தினமும் சாப்பிட்டது ஒரு தவறு, வெறும் வயிற்றில் சாப்பிட்டது இன்னொரு தவறு. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: வைட்டமின் டி தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும்.

சாஷேயின் மேல் 60,000 யூனிட் என்று போட்டிருக்கும். எடையாகப் பார்த்தால் இது ஒன்றரை மில்லிகிராம்தான். ஒரு கிராம் பவுடரில் மீதி எல்லாம் மருந்தைத் தாங்கி நிற்கும் சேர்மானம். ஆனால் இந்தியர்களுக்கான ஊட்டச்சத்துப் பரிந்துரையின்படி பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 600 யூனிட் போதும். அப்படியானால் ஒரு சாஷே நூறு நாள் தேவை. இரத்தத்தில் இந்த வைட்டமின் மிகவும் குறைந்துபோனவர்களுக்கு, காலியான கிடங்கைச் சீக்கிரம் நிரப்பத்தான் இவ்வளவு பெரிய அளவு.

அந்த ஒன்றரை மில்லிகிராம் குடலைத் தாண்டி உள்ளே போக வேண்டும். குடலுக்குள் இருப்பதெல்லாம் நீர். அதில் வைட்டமின் டி ஒட்டாமல் நிற்கும். சாப்பாட்டோடு கொழுப்பு வந்தால் நிலைமை மாறுகிறது. முன்சிறுகுடலில் கொழுப்பு பட்டதுமே ஒரு ஹார்மோன் சுரக்கிறது. அது பித்தப்பையைச் சுருங்க வைக்கிறது. பித்தநீர் வந்து கொழுப்பை நுண்ணிய துளிகளாக உடைக்கிறது. எண்ணெய்ப் பிசுக்குப் பாத்திரத்தில் சோப்பு செய்யும் அதே வேலை. அந்தத் துளிகளில் ஏறிக்கொண்டுதான் வைட்டமின் டி குடல் சுவரைக் கடக்கிறது. கருங்காப்பியில் கொழுப்பே இல்லை. வைட்டமின் டி ஏறிக்கொள்ளக் கொழுப்புத் துளிகள் கிடைக்காது.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் பாஸ்டனில் முதியவர்கள் 50 பேருக்கு 50,000 யூனிட் ஒரே தடவையாகக் கொடுத்து, சிலருக்குக் கொழுப்பில்லாத சாப்பாடும் மற்றவர்களுக்குக் கொழுப்புள்ள சாப்பாடும் தந்தார்கள். 2015இல் வெளிவந்த முடிவின்படி, கொழுப்போடு சாப்பிட்டவர்களின் இரத்தத்தில் வைட்டமின் டி 32 சதவீதம் அதிகமாக ஏறியிருந்தது. கொழுப்பில்லாமல் சாப்பிட்டாலும் மருந்து முழுக்க வீணாகாது. ஆனால் நல்ல பங்கு நழுவிப் போகிறது. இதற்காக விருந்து சமைக்க வேண்டியதில்லை. நெய் விட்ட பருப்பு சாதமோ தேங்காய் அரைத்த குழம்போ ஒரு முட்டையோ போதும். பாலில் கலப்பதென்றால் ஆடை நீக்காத பால் நல்லது. நீல நிற ஆவின் பாக்கெட்டில் 3 சதவீதம் கொழுப்பு, ஆரஞ்சில் 6 சதவீதம். அதே டம்ளர் பாலில் இரு மடங்கு.

இனி அடுத்த தவறு. பி, சி வைட்டமின்கள் தண்ணீரில் கரைபவை. அதிகமாகப் போனால் பெரும்பாலும் சிறுநீரோடு போய்விடும். அதைப் பார்த்துப் பழகிய நாம் எல்லா வைட்டமினையும் அப்படித்தான் நினைக்கிறோம். டி அப்படிப் போகாது. உடம்பின் கொழுப்பில் போய்த் தங்கி, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். கல்லீரல் அதை மாற்றி இரத்தத்தில் விடும் வடிவம் பாதியாகக் குறையவே இரண்டு மூன்று வாரம் ஆகும். வாரம் ஒருமுறை போதும் என்பது இதனால்தான். இஸ்ரேலில் இடுப்பு எலும்பு முறிந்த மூதாட்டிகளுக்குத் தினம் 1,500, வாரம் 10,500, மாதம் 45,000 என்று ஒரே மொத்த அளவை மூன்று விதமாகப் பிரித்துக் கொடுத்தபோது, இரண்டு மாத முடிவில் இரத்த அளவு மூன்று குழுவிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. ஆகவே தினமும் வைட்டமின் டி சாப்பிடுவதே தவறு என்றில்லை. அதற்கென்று 1,000, 2,000 யூனிட் மாத்திரைகள் இருக்கின்றன. தினமும் கூடாது என்பது 60,000 யூனிட் சாஷேக்கு.

எவ்வளவு நேரம் வெயிலில் நின்றாலும் வைட்டமின் டி நஞ்சாவதில்லை. தோலிலேயே அதற்குத் தடை இருக்கிறது: தேவைக்கு மேல் உருவாவதை அதே வெயில் வேறு பயனற்ற பொருள்களாக மாற்றிவிடும். வாய்வழியாகப் போவதற்கு அந்தத் தடை கிடையாது. கல்லீரலும் வந்ததையெல்லாம் மாற்றி அனுப்பிக்கொண்டே இருக்கும். சிறுநீரகம் ஓரளவு கட்டுப்படுத்தும். வெள்ளம் பெரிதானால் அதுவும் தோற்கும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். எட்டு வாரச் சிகிச்சையின் மொத்தம் 4,80,000 யூனிட். தினம் ஒன்று சாப்பிடுபவர் இதை எட்டே நாளில் முடித்துவிடுவார். ஆபத்து அதற்குப் பிறகு. தீர்ந்ததும் அதே சீட்டைக் காட்டித் திரும்ப வாங்குவார். இரண்டு மாதம் தொடர்ந்தால் 36 லட்சம் யூனிட்; ஒரு வருடத்துக்கும் மேல் வாரம் ஒன்றாகச் சாப்பிட வேண்டியது. அப்போது குடல் உணவிலிருந்து சுண்ணாம்புச் சத்தை அளவுக்கு மீறி இழுக்கும், எலும்பும் தன் சுண்ணாம்பை இரத்தத்தில் விடும். தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், குமட்டல், பசியின்மை, பிறகு குழப்பமான பேச்சு. வயதானவர் என்றால் சுகர் ஏறியிருக்கும், வயசாச்சு என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். அதற்குள் சிறுநீரகம் கெட ஆரம்பித்திருக்கும். இரத்தத்தில் கால்சியமும் கிரியேட்டினினும் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். சாஷேயை நிறுத்தினாலும் கொழுப்பில் சேர்ந்தது வெளியேற வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். கால்சியம் மாத்திரையும் சேர்த்துச் சாப்பிடுபவர், அல்லது இதே மருந்தை வேறு பெயரில் கேப்ஸ்யூலாகவும் சாப்பிடுபவர், இந்த இடத்துக்கு இன்னும் சீக்கிரம் வந்து சேர்வார்.

அத்தை சாப்பிட்டது ஐந்து. மூன்று லட்சம் யூனிட். குறைபாடு கடுமையாக இருந்தால் இந்த அளவை ஒரே தடவையில் கொடுக்கும் வழக்கமும் மருத்துவத்தில் உண்டு. அதனால் டாக்டர் பதறவில்லை. உடனே நிறுத்தச் சொன்னார், கால்சியம் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். அளவு சரியாகவே இருந்தது. "அஞ்சு வாரத்துக்கானது உள்ளே போயாச்சும்மா. அஞ்சு வாரம் சும்மா இருங்க, அப்புறம் மிச்சத்தைப் பார்க்கலாம்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் தினசரிக் காலண்டரில் ஐந்து வாரம் தள்ளி வரும் மூன்று ஞாயிறுகளின் தாளை மடித்து வைத்தேன். ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு சாஷேயை ஸ்டேபிள் செய்தேன். அத்தை கிட்டே வந்து பார்த்துவிட்டு, "ஞாயித்துக்கிழமைன்னா கறிக்கொழம்பு இருக்கும், நல்லதாப் போச்சு" என்றார்.