அந்த ஆறு இலக்கங்கள் யாருக்கு உரியவை?

வாட்ஸ்அப்பில் நமக்கு நன்கு தெரிந்த ஒருவரிடமிருந்து ஒரு செய்தி வருகிறது. புதிய கைப்பேசிக்கு மாறிவிட்டதாகவும், பழைய உரையாடல்களை மீட்பதற்கான ஆறிலக்கக் குறியீடு நம் எண்ணுக்கு வந்திருப்பதாகவும், அதைப் பார்த்து அனுப்பினால் பேருதவியாக இருக்கும் என்றும் அதில் எழுதப்பட்டிருக்கிறது. பணம் கேட்கவில்லை, வங்கிக் கணக்கு விவரமும் கேட்கவில்லை. எனவே எச்சரிக்கையான வாடிக்கையாளர்கள் பலரும் இதனை மோசடி என எண்ணுவதில்லை. வங்கியின் பெயரில் வரும் அழைப்பை உடனே துண்டிப்பவர்கள்கூட இந்த ஆறு இலக்கங்களை அனுப்பிவிடுகிறார்கள்.

அந்தக் குறியீடு எதற்காக வருகிறது என்பதை அறிந்துகொண்டால், இந்த வேண்டுகோளில் உள்ள பொய் தானே விளங்கிவிடும்.

குறியீடு வரும் காரணம்

வாட்ஸ்அப் கணக்கு கைப்பேசி எண்ணை அடிப்படையாகக் கொண்டது. புதிய கைப்பேசியில் ஒருவர் வாட்ஸ்அப்பை நிறுவும்போது, அது முதலில் அவருடைய எண்ணைக் கேட்கும். அந்த எண் உண்மையிலேயே அவருடையதுதானா என்று உறுதிசெய்ய, அதே எண்ணுக்கு ஆறிலக்கக் குறியீடு ஒன்றை அனுப்பும். அதைச் சரியாக உள்ளிட்டவுடன் கணக்கு அந்தக் கைப்பேசிக்கு மாறும். முன்பு இருந்த கைப்பேசியில் அது நின்றுவிடும். ஓர் எண்ணுக்குரிய கணக்கை ஒரே நேரத்தில் ஒரு முதன்மைக் கைப்பேசியில்தான் வைத்திருக்க முடியும் என்பதே பொதுவான ஏற்பாடு.

இதிலிருந்து ஒரு முடிவு தெளிவாகப் பெறப்படுகிறது. உங்கள் எண்ணுக்கு வந்த குறியீடு உங்கள் கணக்கை மட்டுமே திறக்கும். நண்பருடைய கணக்கிற்கான குறியீடு நண்பருடைய எண்ணுக்குத்தான் செல்லும். அது வழிதவறி உங்களிடம் வர வாய்ப்பில்லை. யாரேனும் எண்ணைத் தவறாகத் தட்டச்சு செய்ததால் உங்களுக்குக் குறியீடு வந்தாலும், அதனால் அவருக்கு எந்தப் பயனும் இல்லை. உங்கள் கணக்கிற்குள் நுழைவது தவிர வேறொன்றையும் அந்தக் குறியீட்டால் செய்ய இயலாது.

உரையாடல்களை மீட்பது முற்றிலும் வேறான பணி. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் உரையாடல்களின் காப்புப்பிரதி அவரவர் கூகுள் கணக்கிலும், ஐபோனில் அவரவர் ஐகிளவுட் கணக்கிலும் சேமிக்கப்படுகிறது. அதை மீட்க உரியவரின் எண்ணும் அந்தக் கணக்குமே தேவை. இன்னொருவருடைய கைப்பேசி எண்ணுக்கு அதில் எந்தப் பங்கும் கிடையாது.

ஏமாற்று நடைபெறும் விதம்

ஓர் எடுத்துக்காட்டின் வழியே இதனைக் காண்போம். மும்பை செம்பூரில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருக்கு, முன்பு உடன் பணியாற்றிய இளையவர் ஒருவரின் எண்ணிலிருந்து காலை பத்தரை மணிக்குச் செய்தி வருவதாகக் கொள்வோம். “டீச்சர், நல்லா இருக்கீங்களா? புது போன் மாத்தினேன். பழைய சாட் எல்லாம் திரும்ப எடுக்கணும். உங்க நம்பருக்கு ஆறு நம்பர்ல ஒரு கோடு வரும், அதை மட்டும் அனுப்புங்க.” எண் தெரிந்த எண், புகைப்படமும் பழகிய முகம். ஆனால் அந்த இளையவரின் கணக்கு அதற்கு முன்பே பறிபோய்விட்டது. எழுதுபவன் மோசடிக்காரன்.

செய்தியை அனுப்பிய கையோடு, அவன் தன் கைப்பேசியில் வாட்ஸ்அப்பைத் திறந்து ஆசிரியையின் எண்ணை உள்ளிடுகிறான். அடுத்த சில நொடிகளில் ஆசிரியைக்கு வாட்ஸ்அப்பிடமிருந்து குறுஞ்செய்தி வருகிறது. இந்தக் குறுஞ்செய்தி போலியன்று. வாட்ஸ்அப் அனுப்பிய உண்மையான செய்தி. இந்த மோசடி வெற்றி பெறும் இடமும் இதுதான். “கோடு வரும்” என்று சொன்னார், சொன்னபடியே வந்துவிட்டது. ஆகவே அவர் சொன்னது உண்மை என்று மனம் முடிவு செய்துவிடுகிறது. குறியீட்டை எவருடனும் பகிர வேண்டாம் என்ற எச்சரிக்கை அதே குறுஞ்செய்தியில் இருந்தும், கண் நேராக எண்களுக்கே செல்கிறது.

ஆசிரியை எண்களை அனுப்புகிறார். மோசடிக்காரன் அவற்றை உள்ளிடுகிறான். இந்தக் கைப்பேசியில் உங்கள் எண் இனிப் பதிவில் இல்லை என்ற பொருளில் ஆசிரியையின் திரையில் ஓர் அறிவிப்பு தோன்றுகிறது. அவர் இதை இணையக் கோளாறு என்று கருதி, மாலையில் மகன் வந்ததும் காட்டலாம் என்று கைப்பேசியை வைத்துவிடுகிறார். அந்த இடைப்பட்ட நேரம் முழுவதும் மோசடிக்காரன் கையில் இருக்கிறது.

அவனுக்குக் கிடைப்பவையும் கிடைக்காதவையும்

ஆசிரியையின் பழைய உரையாடல்கள் அவனுக்குக் கிடைப்பதில்லை. அவை அவருடைய கைப்பேசியிலும் காப்புப்பிரதியிலும் உள்ளன. ஆறிலக்கக் குறியீடு அவற்றைத் திறக்காது. அவருடைய வங்கிக் கணக்கும் இதனால் திறப்பதில்லை. வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல் சிம் அட்டை இருக்கும் கைப்பேசிக்கே வரும். அந்த சிம் ஆசிரியையிடமே உள்ளது.

ஆயினும் அவர் உறுப்பினராக உள்ள குழுக்கள் அனைத்தும் அவன் திரையில் தோன்றுகின்றன. குடியிருப்புச் சங்கம், பழைய மாணவர்கள், உறவினர்கள் எனக் குழுக்களின் பெயர்களும் உறுப்பினர்களின் எண்களும் தெரிந்துவிடுகின்றன. அன்று அவருக்கு யார் எழுதினாலும் அதுவும் அவனுக்கே செல்கிறது. அவர்கள் பார்ப்பதோ ஆசிரியையின் எண்ணையும் புகைப்படத்தையும். நாற்பது ஆண்டுகளில் அவர் ஈட்டிய நம்பிக்கையே இப்போது அவன் முதலீடு.

சிலரிடம் அவன் மீண்டும் ஆறிலக்கக் குறியீட்டைக் கேட்கிறான். இவ்வாறே அடுத்தடுத்த கணக்குகள் விழுகின்றன. வேறு சிலரிடம் பணம் கேட்கிறான். “அவசரமாக ஒருவருக்கு 18,000 ரூபாய் அனுப்ப வேண்டும், என் யுபிஐ இன்று வேலை செய்யவில்லை, நாளைக் காலை தந்துவிடுகிறேன்” என்று பழைய மாணவர் ஒருவருக்குச் செய்தி செல்கிறது. ஆசிரியர் கேட்டால் மாணவர் மறுப்பாரா? அனுப்பிவிடுகிறார்.

அந்தப் பணத்தைத் திரும்பப் பெறுவது எளிதன்று. வாடிக்கையாளரின் அனுமதியின்றி நடைபெற்ற மின்னணுப் பரிவர்த்தனைகளில் அவருடைய பொறுப்பை வரையறுத்து ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் நெறிமுறைகளை வெளியிட்டது. இங்கோ பணம் அனுப்பியவரே தம் யுபிஐ பின் எண்ணை இட்டு அனுமதி அளித்திருக்கிறார். எனவே அந்தப் பாதுகாப்பைக் கோருவது கடினமாகிவிடுகிறது. ஏமாந்தது ஒருவர், பணத்தை இழந்தது மற்றொருவர் என்ற மனவருத்தமும் உறவில் தங்கிவிடுகிறது.

பணம் அனுப்புமுன் இரு சோதனைகள்

முதலாவது, சாதாரணத் தொலைபேசி அழைப்பு. மோசடிக்காரனிடம் இருப்பது வாட்ஸ்அப் கணக்கு மட்டுமே. சிம் அட்டை உரியவரிடம் இருக்கிறது. ஆகவே வாட்ஸ்அப் வழியாக அழைக்காமல், வழக்கமான முறையில் எண்ணை அழைத்தால் உண்மையானவரே பேசுவார். அழைப்பை ஏற்க இயலாது, கூட்டத்தில் இருக்கிறேன் என்று வாட்ஸ்அப்பில் பதில் வந்தால், அவர் குரலைக் கேட்கும்வரை பணம் அனுப்பாதீர்கள்.

இரண்டாவது, யுபிஐ திரையில் தோன்றும் பெயர். பின் எண்ணை இடுவதற்கு முன், பெறுபவரின் வங்கிக் கணக்கில் பதிவாகியுள்ள பெயர் திரையில் காட்டப்படும். கேட்டவர் உங்கள் ஆசிரியை; பெயரோ நீங்கள் கேள்விப்படாத ஒருவருடையது என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

கணக்கு பறிபோனால்

சிம் உங்களிடம் இருக்கும்வரை கணக்கை மீட்கும் வழியும் உங்களிடமே உள்ளது. வாட்ஸ்அப்பைத் திறந்து உங்கள் எண்ணை மீண்டும் பதிவுசெய்யுங்கள். புதிய குறியீடு உங்கள் கைப்பேசிக்கே வரும். அதை உள்ளிட்ட கணமே மோசடிக்காரன் வெளியேற்றப்படுவான். குறியீடு பலமுறை கேட்கப்பட்டிருந்தால், சற்றுக் காத்திருக்குமாறு திரையில் நேரம் காட்டப்படலாம். அந்த நேரம் முடிந்ததும் மீண்டும் முயலுங்கள்.

சில சமயம் குறியீட்டை ஏற்றபின் மற்றொரு பின் எண்ணை வாட்ஸ்அப் கேட்கும். நீங்கள் அப்படி ஒன்றை அமைத்ததே இல்லையென்றால், அதை மோசடிக்காரன் அமைத்திருக்கிறான் என்று பொருள். அது தெரியாமல் உள்ளே செல்ல 7 நாட்கள் காத்திருக்க வேண்டும். இதைக் கண்டு மனம் தளர வேண்டாம். குறுஞ்செய்தியில் வந்த குறியீட்டை நீங்கள் உள்ளிட்டபோதே அவனும் வெளியேறிவிட்டான். அந்த ஏழு நாட்களில் உங்கள் பெயரில் அவன் அங்கிருந்து எழுத இயலாது.

இதற்கிடையே, குடும்பத்தினர் ஒருவரைக் கொண்டு எல்லாக் குழுக்களிலும் எச்சரிக்கை இடச் செய்யுங்கள். கணக்கு மீளும்வரை உங்கள் எண்ணைக் குழுவிலிருந்து நீக்குமாறு குழு நிர்வாகிகளிடம் கூறுங்கள். எவரேனும் பணம் அனுப்பியிருந்தால், அவர் உடனே 1930 என்ற எண்ணை அழைத்தோ cybercrime.gov.in தளத்திலோ புகார் செய்து, தம் வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும். பரிவர்த்தனையின் 12 இலக்கக் குறிப்பு எண்ணைக் கையில் வைத்திருப்பது நல்லது. பணம் வேறு கணக்குகளுக்கு நகர்வதற்குள் புகார் சென்று சேர்ந்தால் அதை நிறுத்திவைக்க வாய்ப்புண்டு. பொழுது கடக்கக் கடக்க அந்த வாய்ப்பு குறைகிறது.

கணக்கு மீண்டதும் வாட்ஸ்அப்பில் Linked devices என்பதைத் திறந்து, நீங்கள் அறியாத கருவி ஏதேனும் இணைந்திருந்தால் நீக்கிவிடுங்கள்.

முன்கூட்டியே இடும் பூட்டு

மோசடிக்காரன் அமைக்கும் அதே பின் எண்ணை நாம் முந்திக்கொண்டு அமைத்துவிடலாம். Settings, Account, Two-step verification என்ற வரிசையில் சென்று ஆறிலக்கப் பின் எண் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்; அதை மறந்தால் மாற்றுவதற்காக உங்கள் மின்னஞ்சல் முகவரியையும் சேர்த்திடுங்கள். இந்த எண் குறுஞ்செய்தியில் வருவதன்று. உங்கள் நினைவில் மட்டும் இருப்பது. எனவே குறியீட்டை அறியாமல் பகிர்ந்துவிட்டாலும், கணக்கு அடுத்த கதவில் தடுக்கப்படும். இந்தப் பின் எண்ணையும் கேட்டு வாங்க முயல்பவர்கள் உண்டு. அதனை எவரிடமும் கூறலாகாது.

நீங்கள் கேட்காமலே வாட்ஸ்அப் குறியீடு ஒன்று வந்தால் பதற்றம் வேண்டாம். உங்கள் எண்ணை யாரோ எங்கோ உள்ளிட்டிருக்கிறார்கள் என்பது மட்டுமே அதன் பொருள். அந்தக் குறியீடு உங்களிடமே இருக்கும்வரை அவர்களால் உள்ளே வர இயலாது. அதைக் கேட்டு நண்பரிடமிருந்து செய்தியும் வந்தால், அந்த நண்பரைத் தொலைபேசியில் அழைத்து அவருடைய கணக்கு பறிபோயிருப்பதைத் தெரிவியுங்கள். அவருக்கு அப்போது தேவைப்படும் உதவி அதுவே.