செய்தித் தலைப்பில் வினைநீக்கமும் வேற்றுமை உருபின் பொறுப்பும்

ஆய்வுச் சுருக்கம்

தமிழ் நாளிதழ்களின் செய்தித் தலைப்புகள் பெரும்பாலும் வினைமுற்றை நீக்கிப் பெயரில் முடிகின்றன. ‘கைது’, ‘கண்டனம்’, ‘தாக்குதல்’, ‘உயர்வு’ போன்ற பெயர்களே அங்குப் பயனிலையின் இடத்தை நிரப்புகின்றன. இச்சுருக்கத்தால் இடம் மிச்சமாகிறது. ஆயினும் வினைமுற்று உணர்த்திவந்த செய்வினை, செயப்பாட்டுவினை வேறுபாடும் காலமும் தலைப்பிலிருந்து மறைகின்றன. அவ்வாறு மறைந்தவற்றுள் எவற்றை வேற்றுமை உருபால் ஈடுசெய்ய முடியும், எவற்றை முடியாது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: செய்தித் தலைப்பு, தொழிற்பெயர், கூட்டுவினை, வேற்றுமை உருபு, தடுமாறு தொழிற்பெயர்.

முன்னுரை

‘மூவர் கைது செய்யப்பட்டனர்’ என்னும் தொடர் ‘மூவர் கைது’ எனத் தலைப்பாகும்போது ‘செய்யப்பட்டனர்’ என்னும் ஒரு சொல் நீங்குகிறது. அச்சொல்லில் ஒன்பது எழுத்துகள் உள்ளன. நாளிதழின் குறுகிய பத்தியில் ஒன்பது எழுத்து என்பது ஏறக்குறைய ஒரு வரி. தமிழின் வினைமுற்று காலத்தை இடைநிலையாலும் திணை, பால், எண், இடம் ஆகியவற்றை விகுதியாலும் காட்டுவதால் நீண்டுவிடுகிறது. எனவே தலைப்பு எழுதும் துணையாசிரியர் முதலில் கைவைப்பது வினைமுற்றில்தான்.

‘மூவர் கைது’ என்பதைப் படிப்போர் மூவர் கைது செய்யப்பட்டனர் என்றே பொருள்கொள்கின்றனர். ‘அமைச்சர் கண்டனம்’ என்பதும் அதே வடிவுடையது. எழுவாய் வடிவில் ஒரு பெயரும் செயலைக் குறிக்கும் ஒரு பெயரும் மட்டுமே அதில் உள்ளன. ஆயினும் இங்கு அமைச்சர் கண்டிக்கிறார், கண்டிக்கப்படவில்லை. ஒரே வடிவம் நேர்மாறான இரு பொருளுறவுகளைத் தருவது எவ்வாறு என்பதும், அவ்வுறவு எந்த இடத்தில் தடுமாறும் என்பதும் விளக்கப்பட வேண்டியவை. இக்கட்டுரையில் இடம்பெறும் தலைப்புகள் இதழ் வழக்கின் அமைப்பை ஒட்டி ஆக்கப்பட்டவை. குறிப்பிட்ட இதழ் எதனிலிருந்தும் எடுக்கப்பட்டவை அல்ல.

நீக்கப்பட்ட வினையும் எஞ்சிய பெயரும்

‘கைது செய்’, ‘கண்டனம் தெரிவி’ போன்றவை பெயரும் வினையும் இணைந்த கூட்டுவினைகள். இவற்றில் செயலின் பொருளைப் பெயர் தருகிறது. செய், தெரிவி, அளி, வெளியிடு என்னும் வினைகள் அப்பெயரை வினையாக்குகின்றன. செயலைச் செய்தவர் யார், அதற்கு உள்ளானவர் யார் என்பது இவ்வினைப்பகுதியில்தான் புலப்படும். தலைப்பில் இப்பகுதி நீங்கியபின், எஞ்சிய பெயருடன் வழக்கமாக எந்த வினை வரும் என்னும் பழக்கத்தைக் கொண்டே படிப்போர் உறவை உணர்கின்றனர்.

இப்பழக்கத்தின்படி தலைப்புப் பெயர்கள் மூன்று வகைப்படும். கைது, கொலை, பறிமுதல், மீட்பு, இடைநீக்கம், நியமனம் ஆகியவை முதல் வகை. இவற்றின் முன் உருபின்றி நிற்கும் பெயர் செயலுக்கு உள்ளானதைக் குறிக்கும். ‘சிறுமி மீட்பு’ என்றால் சிறுமி மீட்கப்பட்டாள். ‘லாரி பறிமுதல்’ என்றால் லாரி பறிமுதல் செய்யப்பட்டது. கைது செய்வோர் காவலர் என்பது சொல்லாமலே விளங்குவதால், கைதானவர் யார் என்பதே செய்தியாகிறது.

கண்டனம், அறிவிப்பு, மறுப்பு, உறுதி, கோரிக்கை ஆகியவை இரண்டாம் வகை. இவை சொல்லைச் சார்ந்த செயல்கள் ஆதலால் சொன்னவரே செய்தியின் மையம். இவற்றின் முன் உருபின்றி வரும் பெயர் செய்தவரைக் குறிக்கும். செயலுக்கு உள்ளானவரைக் குறிக்க நான்காம் வேற்றுமை உருபு கட்டாயமாகிறது. ‘அமைச்சர் கண்டனம்’, ‘அமைச்சருக்குக் கண்டனம்’ என்னும் இரண்டிற்கும் உள்ள வேறுபாடு முழுவதும் ‘கு’ என்னும் உருபில் அடங்கியுள்ளது.

தாக்குதல், விசாரணை, சோதனை, மிரட்டல், முற்றுகை ஆகிய மூன்றாம் வகைப் பெயர்கள் இரு பக்கமும் சாய்பவை. ‘அதிகாரி விசாரணை’ என்பதில் அதிகாரி விசாரிக்கிறாரா, விசாரிக்கப்படுகிறாரா என்பது தெளிவில்லை. ‘மருத்துவர் தாக்குதல்’ என்பதும் அத்தகையதே. தாக்கப்பட்ட மருத்துவரைத் தாக்கியவராகக் காட்டும் வாய்ப்பு அதில் உள்ளது.

தடுமாறு தொழிற்பெயர்

இச்சிக்கலைத் தமிழ் இலக்கணம் முன்பே அறிந்திருந்தது. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் வேற்றுமை மயங்கியல் இதனைத் ‘தடுமாறு தொழிற்பெயர்’ என்று பெயரிட்டுப் பேசுகிறது. உரையாசிரியர்கள் இதற்குக் காட்டும் எடுத்துக்காட்டு ‘புலி கொல் யானை’ என்பதாகும். புலியைக் கொன்ற யானை எனவும் புலியால் கொல்லப்பட்ட யானை எனவும் இது இரு பொருள்படும். முன்னதில் மறைந்திருப்பது இரண்டாம் வேற்றுமை. பின்னதில் மூன்றாம் வேற்றுமை. தொடரின் ஈற்றில் வரும் பெயரை அடுத்து வருவதைக் கொண்டு பொருளை உணரலாம் என்பது இலக்கணம் காட்டும் வழி. யானை ஓடுகிறது என்று தொடர்ந்தால் கொன்ற யானை. யானையின் கோடு வந்தது என்று தொடர்ந்தால் இறந்த யானை.

செய்தித் தலைப்புக்கு இவ்வழி போதுமானதன்று. தலைப்பில் அடுத்து வரும் சொல் எதுவும் இல்லை. அடுத்து வருவது செய்தியின் முதற்பத்தி. அதனைப் படிக்காமல் கடந்து செல்வோர் பலர். சுவரொட்டியிலும் கைப்பேசித் திரையிலும் தலைப்பு மட்டுமே தனித்து நிற்கிறது. எனவே இலக்கணம் பின்வரும் சொல்லுக்கு விட்ட பணியைத் தலைப்பில் உருபே ஏற்கவேண்டும். ‘மருத்துவர் மீது தாக்குதல்’, ‘அதிகாரியிடம் விசாரணை’ எனில் ஐயம் நீங்குகிறது. ‘மீது’ என்பதற்கு இரண்டு எழுத்து, ‘இடம்’ உருபு சேர்வதால் மூன்று எழுத்து என்பதே இத்தெளிவுக்கான செலவு.

எல்லாத் தலைப்பிலும் இச்செலவு தேவைப்படுவதில்லை. ‘வங்கி முற்றுகை’, ‘கிடங்கு சோதனை’ ஆகியவற்றில் வங்கியும் கிடங்கும் செயலைச் செய்யமாட்டா. உருபு இன்றியே பொருள் விளங்கும். தடுமாற்றம் பெரிதும் உயர்திணைப் பெயரில்தான் எழுகிறது. பொது வழக்கிலும் ‘மரம் வெட்டினான்’ என்று அஃறிணையில் இரண்டாம் உருபை மறைத்துக் கூறலாம். ‘மாணவனைக் கண்டான்’ என்பதில் அவ்வாறு மறைப்பதில்லை. தலைப்பிலும் இதே வரம்பைப் பின்பற்றலாம். மூன்றாம் வகைப் பெயரின் முன் அஃறிணை வந்தால் உருபைத் தொகுக்கலாம். உயர்திணை வந்தால் உருபை வெளிப்படுத்த வேண்டும்.

முதல் வகைப் பெயர்களிலும் ஓரிடத்தில் கவனம் தேவை. ‘வனத்துறையினர் மூவர் கைது’ என்பது வனத்துறை ஊழியர் மூவர் கைதாயினர் என்றும், வனத்துறையினர் மூவரைக் கைது செய்தனர் என்றும் பொருள்படும். இதனைத் தவிர்க்க ‘வனத்துறையினரை மூவர் கைது’ என்றோ ‘மூவரைக் கைது’ என்றோ எழுதுவது பொருந்தாது. வினை நீங்கிய ‘கைது’ என்னும் பெயர் இரண்டாம் உருபை ஏற்று முடிக்கும் ஆற்றல் உடையதன்று. ‘வனத்துறை ஊழியர்கள் மூவர் கைது’ என்றோ ‘வனத்துறையிடம் மூவர் சிக்கினர்’ என்றோ செய்திக்கேற்பத் தொடரையே மாற்றுதல் வேண்டும்.

ஒரு செய்தி தலைப்பாகும் முறை

பின்வரும் செய்தித்தொடரை எடுத்துக்கொள்ளலாம்: ‘ஏரி நிலத்தை ஆக்கிரமித்ததாக ஊராட்சி மன்றத் தலைவர் மீது கிராம மக்கள் நேற்று மாவட்ட ஆட்சியரிடம் புகார் அளித்தனர்.’ இதில் பதினான்கு சொற்கள் உள்ளன.

‘அளித்தனர்’ என்பதை நீக்கினால் இழப்பு இல்லை. புகார் என்றாலே அளிக்கப்படுவது; ‘நேற்று’ என்பதும் நாளிதழில் வெளிப்படை. கிராம மக்கள், மாவட்ட ஆட்சியர் ஆகியோரை முதற்பத்திக்கு விடலாம். ‘ஊராட்சி மன்றத் தலைவர்’ என்பதை ‘ஊராட்சித் தலைவர்’ எனக் குறைக்கலாம். இதன்பின் இடம் போதவில்லை என்று ‘மீது’ என்பதையும் நீக்கினால் ‘ஊராட்சித் தலைவர் புகார்’ என்றாகிக் குற்றம் சாட்டப்பட்டவர் குற்றம் சாட்டியவராகிவிடுவார். ஆகவே அவ்விரண்டு எழுத்தும் நீக்கத்தக்கவை அல்ல.

இப்போது இரு தலைப்புகள் எஞ்சுகின்றன.

‘ஏரி ஆக்கிரமிப்பு: ஊராட்சித் தலைவர் மீது புகார்’
‘ஊராட்சித் தலைவர் மீது ஏரி ஆக்கிரமிப்புப் புகார்’

இரண்டிலும் ஆறு சொற்களே உள்ளன. ஆயினும் பொருள் ஒன்றன்று. மூலத்தொடரில் ‘ஆக்கிரமித்ததாக’ என்னும் சொல்லின் ‘ஆக’ என்னும் ஈறு, இது பிறர் கூற்று; உறுதியானதன்று என உணர்த்தியது. முதல் தலைப்பில் ஆக்கிரமிப்பு தனிப்பெயராகி முக்காற்புள்ளிக்கு முன் நிற்பதால் நடந்துமுடிந்த உண்மையாகத் தோன்றுகிறது. இரண்டாம் தலைப்பில் அது ‘புகார்’ என்னும் பெயருக்கு அடையாகி, புகாருக்குள் அடங்கிவிடுகிறது. விசாரணை தொடங்காத நிலையில் இரண்டாவதே நேர்மையான தலைப்பு. தொழிற்பெயராக்கம் ஐயத்தை உண்மையாக்கிவிடும் இவ்விடர் உருபுப் பிழையைவிட எளிதில் கண்ணுக்குப் படாதது. சொல்லின் இடத்தை மாற்றுவதன் வாயிலாக மட்டும் அதனைச் சரிசெய்ய முடிகிறது.

உருபால் ஈடுசெய்ய இயலாதவை

காலமும் எதிர்மறையும் வேற்றுமையின் எல்லைக்கு அப்பாற்பட்டவை. ‘பால் விலை உயர்வு’ என்னும் தலைப்பு, விலை உயர்ந்துவிட்டது, உயரப்போகிறது, உயர்த்தும் முடிவு எடுக்கப்பட்டுள்ளது என்னும் மூன்றிற்கும் இடந்தரும். காலப்பெயர் ஒன்றைச் சேர்த்து ‘பால் விலை நாளை முதல் உயர்வு’ எனலாம். இன்னும் முடிவாகாத செய்தியாயின் ‘பால் விலையை உயர்த்தக் கோரிக்கை’ எனலாம். ‘உயர்த்த’ என்னும் எச்சத்திற்கு இரண்டாம் உருபை ஏற்கும் ஆற்றல் எஞ்சியிருப்பதால் ‘விலையை’ என்பது இங்குப் பிழையின்றிப் பொருந்துகிறது. வினைமுற்றை நீக்கியும் வினையின் ஆற்றலைத் தக்கவைக்க எச்சம் துணைபுரிகிறது.

சில இடங்களில் வினைமுற்றே சிக்கனமானது. ‘கட்டணம் உயராது: அமைச்சர்’, ‘மழை நீடிக்கும்: வானிலை மையம்’ ஆகியவற்றில் எதிர்மறையும் எதிர்காலமும் ஒரே சொல்லில் அமைகின்றன. இவற்றைப் பெயராக்கினால் ‘உயர்வு இல்லை’, ‘நீடிப்புக்கு வாய்ப்பு’ எனத் தொடர் நீளவே செய்யும்.

முடிவுரை

தலைப்பில் வினைமுற்றை நீக்குவதனால் மட்டும் தெளிவு கெடுவதில்லை. வினையோடு சேர்த்து உருபையும் நீக்கும்போதே கெடுகிறது. தலைப்பை எழுதியபின் நீக்கிய வினையை இருமுறை மீட்டுப்பார்த்து இதனை அறியலாம். முதலில் செய்வினையையும் பின்னர் செயப்பாட்டுவினையையும் சேர்க்க வேண்டும். செய்திப்படி ஒன்று மட்டுமே பொருந்துவதாகத் தோன்றினாலும், செய்தியை அறியாதவருக்கு இரண்டும் பொருந்துமாயின் அத்தலைப்பு தடுமாறு தொழிற்பெயரே. அவ்விடத்தில் ‘மீது’, ‘இடம்’, ‘கு’ ஆகியவற்றுள் ஏற்ற ஒன்றைச் சேர்க்க வேண்டும். அதற்கு இடம் போதாவிடில் தலைவர், மன்றம் போன்ற பதவிப்பெயரின் பகுதிகளைக் குறைக்கலாம். உருபைக் குறைத்தல் ஆகாது.