ஒரே உருண்டை அணு, இரண்டு நோய்கள்

நோய்க்குறியியல் தேர்வில் மாணவரைத் தடுமாற வைக்கும் கேள்வி ஒன்று இப்படி வரும். முப்பத்தெட்டு வயதுப் பெண். மூன்று வாரமாகக் களைப்பு, படியேறினால் மூச்சு வாங்குகிறது, கண் லேசாக மஞ்சள். மண்ணீரல் விலா எலும்புக்குக் கீழே 3 செ.மீ. தட்டுப்படுகிறது. ஹீமோகுளோபின் 6.8 கிராம். இளம் சிவப்பணுக்களான ரெட்டிகுலோசைட் 14 சதவீதம். பிலிருபின் 4.1, அதில் 3.6 மறைமுக வகை. ரத்தப் பூச்சைப் பார்த்தால் ஸ்ஃபீரோசைட்டுகள் நிறைய. நோய் என்ன?

ரெட்டிகுலோசைட் இவ்வளவு கூடியிருப்பதால் எலும்பு மஜ்ஜை மும்முரமாக வேலை செய்கிறது என்று தெரிகிறது. ரத்தப்போக்கு எதுவும் சொல்லப்படவில்லை, மறைமுக பிலிருபினோ ஏறியிருக்கிறது. எனவே உற்பத்தியில் கோளாறில்லை. அணுக்கள் ஆயுள் முடியும் முன்பே அழிகின்றன. சிவப்பணு சாதாரணமாக 120 நாள் வாழும். இதுவரை எல்லோரும் சரியாக வந்துவிடுவார்கள். அடுத்து, பூச்சில் ஸ்ஃபீரோசைட் என்றதும் பாதிப் பேர் "பரம்பரை ஸ்ஃபீரோசைட்டோசிஸ்" என்று எழுதிவிடுவார்கள். தவறு அங்கேதான் நடக்கிறது.

இயல்பான சிவப்பணு இருபுறமும் குழிந்த தட்டு. பூச்சில் அதன் நடுப்பகுதி வெளிறித் தெரியும். உறையில் கொஞ்சம் கொஞ்சமாக இழந்தால், உள்ளே இருக்கும் ஹீமோகுளோபினைச் சுற்றப் போதுமான பரப்பு இல்லாமல் அது உருண்டையாகிவிடும். அதுதான் ஸ்ஃபீரோசைட்: சிறியது, அடர்ந்த நிறம், நடு வெளிறல் இல்லை. உறையை இழக்க வழி இரண்டு. பரம்பரை நோயில் உறையைத் தாங்கும் ஸ்பெக்ட்ரின், ஆங்கிரின் போன்ற புரதங்களில் பிறவிக்குறை. உறை தானாகவே துளித்துளியாக உதிர்கிறது. தன்னுடல் தாக்கு நோயிலோ நோயாளியின் சொந்த ஆன்டிபாடி அணுவின் மேல் ஒட்டிக்கொள்கிறது. அதை மண்ணீரலின் மேக்ரோஃபேஜ் பிடித்து, அணுவை முழுசாக விழுங்காமல் உறையில் ஒரு கடி கடித்து விட்டுவிடுகிறது. மிஞ்சியது உருண்டு போகிறது. நுண்ணோக்கியில் இரண்டும் அச்சு அசல் ஒன்றே. எவ்வளவு அனுபவமுள்ள கண்ணும் உருவத்தை மட்டும் வைத்து இவற்றைப் பிரிக்க முடியாது.

நெடுங்காலம் மருத்துவர்களாலும் முடியவில்லை. குடும்பத்தில் வேறு யாருக்காவது இருக்கிறதா என்ற விசாரிப்பைத்தான் பெரிதும் நம்பியிருந்தார்கள். 1945-இல் கேம்பிரிட்ஜில் ராபின் கூம்ப்ஸ், ஆர்தர் மூரன்ட், ராபர்ட் ரேஸ் மூவரும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கூம்ப்ஸ் படித்தது கால்நடை மருத்துவம். அப்போது வயது 24. அணுவில் ஒட்டியும் அணுக்களைத் திரளவைக்காத ஆர்.ஹெச். ஆன்டிபாடிகளைக் கண்டுபிடிக்கவே அவர்கள் அதை உருவாக்கினார்கள். மறு ஆண்டே பூர்மன், டாட், லூட்டிட் மூவரும் அதே சோதனையை இந்தக் காமாலை நோயாளிகளிடம் செய்து பார்த்தார்கள். இடையில் வந்த நோய்க்குச் சோதனை நேர்மறை. பிறவி நோய்க்கு எதிர்மறை. ஒரு சோதனைக்குழாய் நெடுநாள் குழப்பத்தைத் தீர்த்து வைத்தது.

செய்முறை எளியது. நோயாளியின் சிவப்பணுக்களை உப்புநீரில் மூன்று நான்கு முறை நன்றாகக் கழுவ வேண்டும். பிறகு மனித குளோபுலினுக்கு எதிரான சீரத்தைச் சேர்த்து, மையவிலக்கியில் சுற்றிப் பார்க்க வேண்டும். அணுக்களின் மேல் ஆன்டிபாடி ஒட்டியிருந்தால் அந்தச் சீரம் அவற்றை ஒன்றோடொன்று இணைத்துக் கட்டியாக்கும். இதுதான் நேரடி கூம்ப்ஸ். நோயாளியின் சீரத்தில் மிதக்கும் ஆன்டிபாடியைத் தேடுவது மறைமுக கூம்ப்ஸ். இந்தக் கேள்விக்குத் தேவை முதலாவதுதான்.

கழுவுவதில் அலட்சியம் காட்டினால் முழுச் சோதனையும் பாழ். பிளாஸ்மாவின் குளோபுலின் மிச்சமிருந்தால், சேர்த்த சீரம் முழுக்க அதனுடன் சேர்ந்து தீர்ந்துவிடும். அணுவின் மேல் ஆன்டிபாடி இருந்தும் முடிவு எதிர்மறையாக வரும். இதைப் பிடிக்க ஒரு வழி உண்டு: எதிர்மறை வந்த ஒவ்வொரு குழாயிலும், முன்பே ஐ.ஜி.ஜி. பூசப்பட்ட அணுக்களைச் சேர்ப்பார்கள். அவை திரண்டால் சீரம் வேலை செய்திருக்கிறது, எதிர்மறையை நம்பலாம். திரளாவிட்டால் சோதனையை முதலிலிருந்து செய்ய வேண்டும். செய்முறைத் தேர்வில் மாணவர்கள் விட்டுவிடும் படி பெரும்பாலும் இதுவே.

கேள்விக்குத் திரும்புவோம். நேரடி கூம்ப்ஸ் நேர்மறை, ஐ.ஜி.ஜி. ஒட்டியிருக்கிறது என்று அடுத்த வரி சொன்னால், இது வெப்ப வகைத் தன்னுடல் தாக்கு ரத்தச்சிதைவு. சிகிச்சை பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டில் தொடங்கும். லூபஸ் அல்லது லிம்ஃபோமா பின்னால் ஒளிந்திருக்கிறதா என்றும் தேட வேண்டும். எதிர்மறை என்று வந்து, தந்தைக்கு இளவயதிலேயே பித்தப்பைக் கல் அறுவை நடந்தது என்றும் இருந்தால், பரம்பரை நோயின் பக்கம் சாயலாம். அதற்கு ஸ்டீராய்டால் பயன் இல்லை.

அழிவு எங்கே நடக்கிறது? இரண்டு நோயிலும் பிரதான இடம் மண்ணீரல்தான். அதன் குறுகிய இடுக்குகள் வழியே சிவப்பணு நெளிந்து புகுந்து வர வேண்டும். பாதி காற்றிறக்கிய பந்து நுழைந்துவிடும், விம்மப் புடைத்த பந்து சிக்கிக்கொள்ளும். சிக்கிய அணு மேக்ரோஃபேஜுக்குள் சிதைவதால் ஹீமோகுளோபின் ரத்தத்தில் பெருமளவு கொட்டுவதில்லை. அது பிலிருபினாக மாறுகிறது. அல்புமினுடன் பிணைந்த இந்த மறைமுக பிலிருபின் சிறுநீரகத்தில் வடியாது. ஆகவே கண் மஞ்சளாக இருந்தாலும் சிறுநீரில் பிலிருபின் இருக்காது. மண்ணீரல் வீக்கமும் இதோடு பொருந்துகிறது.

இதே பெண்ணின் சிறுநீர் காலையில் கோலா நிறத்தில் போயிற்று என்று கேள்வி சொல்லியிருந்தால் கதை மாறும். சோதனைப் பட்டை ரத்தம் என்கிறது, நுண்ணோக்கியிலோ சிவப்பணு ஒன்றுகூட இல்லை, பிளாஸ்மா இளஞ்சிவப்பு. அது அணுக்கள் ரத்தக்குழாய்க்குள்ளேயே உடைவதன் அடையாளம். பிளாஸ்மா தெளிவாக இருந்தால் தசைச் சிதைவில் வரும் மையோகுளோபினை நினைக்க வேண்டும். ஹாப்டோகுளோபின் குறைந்திருப்பதை மட்டும் வைத்து இடத்தைத் தீர்மானிக்கக் கூடாது. மண்ணீரல் அழிவிலும் கொஞ்சம் ஹீமோகுளோபின் கசிவதால் அது குறையவே செய்யும். குழாய்க்குள் அழிவு நடந்ததற்கு நம்பகமான தடயம், சில நாள் கழித்துச் சிறுநீர் வண்டலில் தெரியும் ஹீமோசிடரின்.

ஸ்ஃபீரோசைட்டுக்குப் பதில் தலைக்கவசம் போன்ற உடைசல்கள், குறைந்த தட்டணுக்கள், எதிர்மறை கூம்ப்ஸ் என்றால் நுண்குழாய்களில் உள்ள கட்டிகள் அணுக்களை அறுக்கின்றன. டி.டி.பி. என்னும் அவசர நிலையை அங்கே முதலில் நினைக்க வேண்டும். பூச்சில் அணுக்கள் திரள் திரளாகவும், கூம்ப்ஸில் ஐ.ஜி.ஜி. இல்லாமல் சி3 மட்டும் ஒட்டியும் இருந்தால் குளிர் வகை ஆன்டிபாடி. அங்கே அணுக்களை விழுங்குவது பெரும்பாலும் கல்லீரல்.

கூம்ப்ஸும் எல்லை உள்ளதுதான். ஆன்டிபாடி மிகக் குறைவாக ஒட்டிய சிலருக்கு நோய் இருந்தும் எதிர்மறை வரும். அதனால் பரம்பரை நோய் என்று முடிவுகட்டுமுன் ஈ.எம்.ஏ. சாயம் உறையில் எவ்வளவு பிணைகிறது என்று ஃப்ளோ சைட்டோமீட்டரில் அளப்பார்கள். பரம்பரை ஸ்ஃபீரோசைட்டோசிஸில் அது குறையும். மறுபுறம், எந்த நோயும் இல்லாத ரத்தக் கொடையாளர் சிலருக்கு நேர்மறையும் வரும். ரெட்டிகுலோசைட்டும் பிலிருபினும் இயல்பாக இருக்கும் ஒருவரிடம் அந்த நேர்மறையை வைத்து ரத்தச்சிதைவு என்று எழுத முடியாது.