சனிக்கிழமைக் கூலி கணக்கில் ஏறிய கதை

கட்டட வேலைக்குப் போகிறவர்களுக்கு வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் நாள். அது சனிக்கிழமை. அன்று சாயங்காலம் கரணையையும் மட்டப்பலகையையும் கழுவி வைத்துவிட்டு எல்லாரும் மேஸ்திரியைச் சுற்றி உட்காருவார்கள். அவர் சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டுப்புத்தகத்தை எடுப்பார். யாருக்கு எத்தனை நாள், யார் எப்போது அட்வான்ஸ் வாங்கினார் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். வேறெங்கும் இருக்காது. “புதன்கிழமை அரை நாள்தானேப்பா?” என்று மேஸ்திரி கேட்டால், “இல்லண்ணே, முழு நாளும் நின்னேன்” என்று சொல்வதைத் தவிர கொத்தனாரிடம் வேறு சாட்சி கிடையாது.

அப்படி ஒரு கொத்தனாரை மாரிமுத்து என்று வைத்துக்கொள்வோம். கற்பனை ஆள்தான்; அவருக்கு நேர்வதெல்லாம் கற்பனை அல்ல. விழுப்புரம் பக்கத்துக் கிராமம், சென்னைக்குத் தெற்கே அடுக்குமாடி வேலை. நாளுக்கு 1,000 ரூபாய் கூலி. கட்டுமான நிறுவனம் ஒருநாள் சொல்லிவிட்டது, அடுத்த மாதத்திலிருந்து கூலி அவரவர் வங்கிக் கணக்கில்தான் வரும் என்று. நிறுவனம் இப்படிச் சொல்லச் சட்டத்தில் இடமுண்டு. பழைய ஊதியச் சட்டத்தின்படி தொழிலாளி எழுதிக் கொடுத்தால்தான் காசோலையாகவோ கணக்கிலோ சம்பளம் தரலாம். 2017இல் வந்த திருத்தம் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டது.

மாரிமுத்துவிடம் கணக்கு இல்லை. இருப்புத் தொகை வைக்காவிட்டால் வங்கி பிடித்துக்கொள்ளும் என்று யாரோ சொன்னது மனதில் நின்றுவிட்டது. அந்தப் பயத்துக்கான மருந்து 2005இலேயே வந்துவிட்டது. குறைந்தபட்ச இருப்பு இல்லாத எளிய கணக்குகளைத் தொடங்கும்படி அந்த ஆண்டு ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளுக்கும் சொன்னது. இந்தியன் வங்கி இதைச் சோதித்துப் பார்த்த இடம் விழுப்புரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது: புதுச்சேரியின் மங்கலம் கிராமம். நாட்டில் எல்லா வீடுகளுக்கும் வங்கிச் சேவை கிடைத்த முதல் கிராமம் என்ற பெயர் அதற்குக் கிடைத்தது. 2012இல் அந்தக் கணக்குக்கு ‘அடிப்படைச் சேமிப்புக் கணக்கு’ என்று புது வடிவம் கொடுத்தார்கள். 2014 ஆகஸ்ட் 28 அன்று தொடங்கிய ஜன் தன் திட்டம் அதே கணக்கோடு ரூபே அட்டையையும் விபத்துக் காப்பீட்டையும் சேர்த்துக் கொடுத்தது. பேச்சுவழக்கில் நாம் ‘ஜீரோ பேலன்ஸ்’ என்று சொல்வது இதைத்தான்.

வங்கிக்குப் போன மாரிமுத்துவுக்கு முதல் தடங்கல் அவருடைய கையிலேயே இருந்தது. விரல்ரேகைக் கருவி அவருடைய விரலை ஏற்கவில்லை. மறுபடி வைத்தார், துடைத்துவிட்டு வைத்தார். சிவப்பு விளக்குதான் வந்தது. ஈரச் சிமெண்டு கடுமையான காரத்தன்மை கொண்டது. ஆண்டுக்கணக்கில் வெறுங்கையால் கலவை தொட்டவரின் விரல் நுனியில் தோல் தேய்ந்து, ரேகைகள் மழுங்கிப்போகின்றன. செங்கல்லின் சொரசொரப்பு மிச்சத்தைப் பார்த்துக்கொள்கிறது. விரல் பொருந்தவில்லை என்பதற்காகக் கணக்கு மறுக்கப்பட வேண்டியதில்லை. மற்ற விரல்களை வைத்துப் பார்க்கலாம். கருவிழியையோ முகத்தையோ வைத்தும் சரிபார்க்கலாம். எதுவும் நடக்காவிட்டால் ஆதார் அட்டையையே நேரில் அடையாளச் சான்றாகக் கொடுத்துப் படிவம் நிரப்பலாம். வாக்காளர் அட்டையும் செல்லும்.

இந்த இடத்தில் அவசரப்பட்டால் பின்னால் சிக்கல். சரியான சான்றுகள் கையில் இல்லாதவர்களுக்கென்று வங்கிகளில் ‘சிறு கணக்கு’ என்று ஒன்று உண்டு. அதிகாரியின் முன்னால் கையெழுத்தோ கைநாட்டோ வைத்து, ஒரு புகைப்படம் கொடுத்தால் போதும். ஊரைவிட்டு வந்து, காகிதங்களை வீட்டிலேயே விட்டுவிட்டவருக்கு இது பெரிய உதவி. ஆனால் அதில் ஒரு நிதியாண்டில் மொத்தம் 1 லட்சம் ரூபாய்தான் வரவாகலாம், இருப்பு 50,000ஐத் தாண்டக்கூடாது, மாதத்துக்கு 10,000க்கு மேல் எடுக்க முடியாது. மாரிமுத்துவின் கூலியை இதில் போட்டுப் பாருங்கள். வாரம் ஆறு நாள், 6,000 ரூபாய். இரண்டாவது வாரக் கூலியிலேயே எடுக்கும் வரம்பு தடுக்கும். விடாமல் வேலை இருந்தால் பதினேழாவது வாரத்தில் ஆண்டு வரம்பான 1 லட்சம் தாண்டிவிடும். மாரிமுத்து முழுச் சான்றுகளோடு தொடங்கியதால் இந்த வரம்புகள் அவருக்கு இல்லை. ஏற்கெனவே சிறு கணக்கு வைத்திருப்பவர் சான்றுகளைக் கொண்டுபோய்க் கொடுத்து முழுக் கணக்காக மாற்றிக்கொள்ளலாம். வரவு திடீரென்று நின்றுவிட்டது என்று வரும் தொழிலாளியிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, கணக்கு எந்த வகை என்பதுதான்.

பாஸ்புக் கைக்கு வந்ததும் அதன் முதல் பக்கத்தை நகலெடுத்துச் சூப்பர்வைசரிடம் கொடுத்தார். வாயால் சொல்லி எழுத வைக்கவில்லை. நல்ல காரியம் செய்தார். மின்வழிப் பணம் போய்ச் சேருவது கணக்கு எண்ணைப் பார்த்துத்தான், பெயரைப் பார்த்து அல்ல. ஒரு இலக்கம் மாறி அந்த எண்ணில் வேறொருவர் கணக்கு இருந்தால், கூலி அவருக்குப் போய்விடும். திரும்பப் பெறுவதற்குள் நாக்குத் தள்ளிவிடும்.

முதல் சனிக்கிழமை வந்தது. ஆறு நாளுக்கு 6,000, அதில் அட்வான்ஸ் 500 கழித்து 5,500. மாலை ஐந்தரை மணிக்குச் செல்பேசி அடித்தது. மாரிமுத்து நம்பவில்லை. அன்று மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை, வங்கிக்கு விடுமுறை. சில ஆண்டுகளுக்கு முன்பு என்றால் அவர் சந்தேகப்பட்டது சரியாக இருந்திருக்கும். நெஃப்ட் என்ற பணப்பரிமாற்றம் வங்கி வேலை நேரத்தில்தான் ஓடும். 2019 டிசம்பர் 16 முதல் அது இரவு பகல் பாராமல் எல்லா நாளும் ஓடுகிறது, அரை மணிக்கு ஒரு தொகுப்பாக. நிறுவனங்கள் மொத்தமாகச் சம்பளம் போடும் நாச் முறையும் 2021 ஆகஸ்ட் முதல் ஞாயிறு, விடுமுறை என்று பார்ப்பதில்லை. சனிக்கிழமைக் கூலியை நம்பியிருக்கும் ஒரு தொழிலுக்கு இந்த இரண்டு தேதிகளும்தான் வழிவிட்டன. இவை இல்லாமல் கணக்கு மட்டும் இருந்திருந்தால் சில வாரங்களில் கூலி திங்கட்கிழமைதான் வந்திருக்கும்.

பணம் வந்துவிட்டது. அதை எடுப்பதில்தான் அடுத்த கணக்கு. அடிப்படைக் கணக்கில் மாதத்துக்கு நான்கு முறை இலவசமாக எடுக்க வங்கி கட்டாயம் அனுமதிக்க வேண்டும். வாரக்கூலிக்காரருக்குச் சரியாகப் பொருந்துகிறதே என்று தோன்றும். ஆனால் ஐந்து சனிக்கிழமை வரும் மாதங்கள் உண்டு. ஆஸ்பத்திரிச் செலவென்று நடுவாரத்தில் எடுக்க வேண்டியும் வரும். நான்குக்கு மேல் போனால் கட்டணம் வாங்குவது அந்தந்த வங்கியின் விருப்பம். இதில் ஒரு பெரிய சர்ச்சையே நடந்தது. நான்காவதுக்குப் பிறகு ஒவ்வொரு முறையும், அது செல்பேசி வழியே செலுத்திய பணமாக இருந்தாலும், 17 ரூபாய் 70 காசு பிடித்ததாகவும், ஏழைகளின் கணக்குகளிலிருந்து ஐந்தாண்டுகளில் 300 கோடிக்கு மேல் இப்படிப் போனதாகவும் ஐஐடி மும்பைப் பேராசிரியர் ஆசிஷ் தாஸ் 2021இல் கணக்குக் காட்டினார். ரிசர்வ் வங்கி 2025 டிசம்பரில் வெளியிட்ட திருத்தம், 2026 ஏப்ரல் 1 முதல் யுபிஐ போன்ற மின்வழிச் செலுத்தல்களை அந்த நான்கில் சேர்க்கக்கூடாது என்கிறது. கடைக்குக் கொடுப்பதைச் செல்பேசியிலும், கையில் தேவைப்படுவதை வாரம் ஒருமுறையும் எடுப்பது மாரிமுத்துவுக்குச் சரிப்பட்டது.

கிராமத்தில் இருக்கும்போது வங்கிமித்ராவிடம் விரல் வைத்துப் பணம் எடுக்கலாம் என்றார்கள். தேய்ந்த விரலுக்கு அது எட்டாத வசதி. அவருக்கு அட்டைதான் வழி. அட்டையைப் பயன்படுத்த இன்னொரு காரணமும் இருக்கிறது, அதைப் பல கொத்தனார்களுக்கு யாரும் சொல்வதில்லை. 2018 ஆகஸ்ட் 28க்குப் பிறகு தொடங்கிய ஜன் தன் கணக்கின் ரூபே அட்டைக்கு 2 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு உண்டு. அதற்கு முந்தைய கணக்குகளுக்கு 1 லட்சம். ஆனால் விபத்துக்கு முந்தைய 90 நாளுக்குள் அந்த அட்டையை ஒருமுறையாவது பயன்படுத்தியிருக்க வேண்டும். சாரத்தில் நின்று வேலை பார்ப்பவரின் அட்டை பெட்டிக்குள் பாஸ்புக்கோடு பத்திரமாக இருந்தால், குடும்பத்துக்கு அந்தப் பணம் கிடைக்காமல் போகலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நூறு ரூபாயாவது ஏடிஎம்மில் எடுக்க வேண்டும்.

ஆறு மாதம் கணக்கு ஒழுங்காக ஓடினால் 10,000 ரூபாய் வரை மிகைப்பற்றும் கேட்கலாம். வீட்டுக்கு ஒருவருக்குத்தான், அதுவும் பெண்ணுக்கு முன்னுரிமை. வேலையில்லாத மழைக்காலத்தில் மேஸ்திரியிடம் அட்வான்ஸ் வாங்கி, அதனாலேயே அவரைவிட்டு நகர முடியாமல் போகும் கொத்தனாருக்கு இந்தத் தொகை சின்னதல்ல. மேஸ்திரியைக் குறை சொல்வது எளிது. அவசரத்துக்கு இரவு பத்து மணிக்கும் கை கொடுப்பவர் அவர்தான் என்பதையும் மறக்கக்கூடாது. நோட்டுப்புத்தகம் மட்டுமே சாட்சி என்ற நிலை மட்டும் மாறிவிட்டது. பாஸ்புக்கில் தேதியும் தொகையும் இருக்கின்றன. அரை நாளா முழு நாளா என்ற தகராறு அந்த வாரமே தெரிந்துவிடுகிறது.

கட்டட வேலையில் கணவன் கொத்தனார், மனைவி சித்தாள் என்று ஜோடியாகப் போகிறவர்கள் நிறையப் பேர். இருவர் கூலியையும் சேர்த்துக் கணவன் கையில் கொடுப்பது பழைய வழக்கம். மாரிமுத்துவின் நிறுவனமும் முதல் மாதம் இருவர் கூலியையும் அவர் கணக்கிலேயே போட்டது. மனைவிக்குத் தனிக் கணக்கு தொடங்கிய பிறகுதான் சித்தாள் கூலி அவர் பெயரில் வந்தது. அவருடைய அட்டைக்கு அவருக்கென்று தனிக் காப்பீடும் உண்டு.

கணக்கில் அநியாயமாகப் பணம் பிடித்தால் முதலில் வங்கியில் எழுத்தில் புகார் கொடுத்து, அந்தப் புகாருக்கு ஒப்புகை வாங்கிக்கொள்ள வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் புகார் செய்யலாம், cms.rbi.org.in என்ற தளம் இருக்கிறது, விவரம் கேட்க 14448 என்ற எண்ணும் இருக்கிறது. வீடு கட்டிக்கொண்டிருக்கும் வாசகர்கள் இந்தச் சனிக்கிழமை கூலி கொடுக்கும்போது கொத்தனாரிடம் மட்டுமல்ல, சித்தாளிடமும் தனியாகக் கணக்கு எண்ணைக் கேட்டு அனுப்புங்கள்.