எழுத்தும் வேலையும் – 9: ஒரு பேட்டர்ன், மூன்று சைஸ்

ஆம்பூரில் ஏற்றுமதி ஷூ கம்பெனி ஒன்றின் சாம்பிள் அறைக்குப் போனால் ஒரு விஷயம் கவனிக்கலாம். புது மாடல் வந்ததும் எல்லா சைஸுக்கும் ஒரே நேரத்தில் ஷூ செய்ய மாட்டார்கள். பெண்களுக்கு என்றால் பெரும்பாலும் 37, ஆண்களுக்கு 42 என்று ஒரே ஒரு சைஸில் செய்வார்கள். வாங்குபவர் ஒப்புக்கொண்ட பிறகு பேட்டர்ன் மாஸ்டர் அந்த ஒரு பேட்டர்னிலிருந்து மற்ற சைஸ்களைப் பிரிப்பார். இதற்குப் பெயர் கிரேடிங். ஐரோப்பிய அளவில் ஒரு சைஸுக்கும் அடுத்ததற்கும் நீளத்தில் மூன்றில் இரண்டு சென்டிமீட்டர் வித்தியாசம். அப்பரின் நீளமும் அகலமும் மாறும். பக்கிள் மட்டும் பெரும்பாலும் எல்லா சைஸுக்கும் ஒன்றேதான்.

வேலைக்கான சுயவிவரம், லிங்க்ட்இன் அறிமுகம், மின்னஞ்சலின் அடியில் வரும் கையொப்பம் ஆகிய மூன்றையும் எழுதும் வழியும் இதுதான். நம்மில் பலர் செய்வது வேறு. சுயவிவரத்தை எழுதிவிட்டு, அதை வெட்டி லிங்க்ட்இனில் ஒட்டுகிறோம். இன்னும் கொஞ்சம் வெட்டிக் கையொப்பத்தில் வைக்கிறோம். தைத்து முடித்த 42 சைஸ் ஷூவை வெட்டி 37 ஆக்க முடியுமா? பேட்டர்னுக்குத்தான் திரும்பிப் போக வேண்டும்.

பேட்டர்ன்

நான் பார்த்த பலருடைய விவரங்களைக் கலந்து ஒருவரை உருவாக்கிக்கொள்கிறேன். எண்களும் உதாரணத்துக்குத்தான். அவருடைய மூலக் குறிப்பு இப்படி இருக்கிறது என்று வைப்போம்:

> ஆம்பூர் ஷூ தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டு சூப்பர்வைசர். 2014 ஜூனில் அப்பர் தையல் பிரிவில் செக்கராகச் சேர்ந்தார். முதல் 14 மாதம் ஒப்பந்ததாரர் வழியாக. 2015 ஆகஸ்ட் முதல் கம்பெனி ஊழியர். 2019 ஏப்ரலில் சூப்பர்வைசர். பெண்களுக்கான தோல் ஷூக்களின் இறுதிப் பரிசோதனையைப் பார்க்கிறார்; ஒரு நாளைக்குச் சுமார் 1,200 ஜோடி. 2022இல் சோல் விட்டுப்போகும் குறை அதிகமானபோது, பசை காயவிடும் நேரம் ஆளுக்கு ஆள் மாறுவதே காரணம் என்று கண்டுபிடித்து, மணிக்கு ஒருமுறை எழுதும் பதிவேடு வைத்தார். மூன்று மாதத்தில் அந்தக் குறை 100 ஜோடிக்கு 6 என்பதிலிருந்து 2 ஆனது. பி.காம். தமிழ், உருது, ஆங்கிலம்.

இதை யாருக்கும் அனுப்பப் போவதில்லை. அதனால் இதில் அழகு வேண்டாம். ஒவ்வொரு வரிக்கும் கையில் ஓர் ஆதாரம் இருந்தால் போதும். சேர்ந்த தேதிக்கு வேலை நியமனக் கடிதமும் பி.எஃப். கணக்கும். படிப்புக்குச் சான்றிதழ். குறை குறைந்ததற்கு அந்தப் பதிவேடு.

ஒப்பந்ததாரர் வழியாக இருந்த அந்த 14 மாதத்தைப் பாருங்கள். நம் பகுதியில் பலருக்கும் இப்படி ஒரு காலம் உண்டு. "2014 முதல் இந்தக் கம்பெனியில்" என்று எழுதிவிடுவோம், பி.எஃப். கணக்கிலோ அந்த 14 மாதத்துக்கு ஒப்பந்ததாரரின் பெயர் இருக்கும். புதிய கம்பெனி யு.ஏ.என். எண்ணை வைத்துப் பழைய வேலைகளைச் சரிபார்க்கும்போது இரண்டும் ஒத்துப்போகாது. பொய் சொல்லாமலே பொய் சொன்னவர் ஆகிவிடுவோம். மூலக் குறிப்பில் உள்ளபடி இருந்துவிட்டால் இந்தச் சிக்கல் எந்த வடிவத்திலும் வராது.

பக்கிள் போல மாறாதவை இவைதான்: பெயரின் எழுத்துக்கூட்டல், பதவி, தேதிகள். மற்றவை படிக்கிறவருக்கு ஏற்ப நீளலாம், சுருங்கலாம்.

ஒரு செய்தி, மூன்று வாசகர்கள்

அந்தப் பசைச் செய்தியை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு மூன்று வடிவங்களிலும் நடந்து பார்ப்போம்.

முதலில் சுயவிவரம். படிப்பவர் ராணிப்பேட்டையிலோ சென்னையிலோ உள்ள ஒரு கம்பெனியின் மனிதவள அதிகாரி. அவருக்கு ஒரே கேள்வி: இந்த வேலைக்கு இவர் சரிப்படுவாரா? அங்கே "நான்" வேண்டாம். செய்த செயலில் தொடங்கி விளைவில் முடியும் ஒரு வரி போதும்:

> சோல் விடும் குறையின் காரணத்தைக் கண்டறிந்து, பசை காயும் நேரத்துக்கு மணிவாரிப் பதிவேடு அமைத்தது. மூன்று மாதத்தில் குறை 6 சதவீதத்திலிருந்து 2 சதவீதம் (2022).

எண்ணுக்கு இங்கேதான் மதிப்பு அதிகம். தொழில் சொற்களையும் இங்கே தயங்காமல் போடலாம். "ஏ.க்யூ.எல். 2.5 முறையில் இறுதிப் பரிசோதனை" என்று எழுதினால், தெரிந்தவருக்கு அந்த ஒரு வரியே ஒரு பத்திக்குச் சமம். 1,200 ஜோடி கொண்ட ஒரு லாட்டில், வழக்கமான இரண்டாம் நிலைப் பரிசோதனை என்றால், 80 ஜோடி எடுத்துப் பார்க்க வேண்டும். குறையுள்ளது 5 வரை இருந்தால் லாட் தேறும், 6 ஆனால் திரும்பும். இதெல்லாம் இவருக்குத் தெரியும் என்பது அந்தச் சொல்லிலேயே வந்துவிடுகிறது. ஆனால் போட்டுவிட்டு நேர்காணலில் 80க்குப் பதில் 100 என்று சொல்லிவிடக் கூடாது.

அடுத்தது லிங்க்ட்இன். இங்கே படிப்பவர் யாரென்றே தெரியாது. வேலைக்கு ஆள் தேடுபவர் படிப்பார், பழைய சகா படிப்பார். இன்றைய மேலாளரும் படிப்பார், வாங்கும் கம்பெனிக்காரரும் படிப்பார். "எங்களிடம் 100க்கு 6 ஜோடி கெட்டுப்போனது" என்று ஊரறியச் சொன்னால், அது இவருடைய திறமையைச் சொல்வதற்கு முன்னால் கம்பெனியின் குறையைச் சொல்லிவிடும். எனவே இங்கே எண் போகிறது, செயல் நிற்கிறது. "நான்" என்று பேசலாம்:

> தோல் ஷூவில் ஒரு குறை வந்தால், அது எந்த மேசையில் பிறந்தது என்று பின்னோக்கித் தேடிப் போவதுதான் என் வேலை. அப்பர் தையலில் செக்கராகத் தொடங்கி, இன்று இறுதிப் பரிசோதனையைப் பார்க்கிறேன். பசை, தையல், ஃபினிஷிங் ஆகிய மூன்றிலும் குறைகளைத் தடுக்கும் பதிவேட்டு முறைகளை அமைத்திருக்கிறேன்.

எழுதி முடித்ததும் இதை மூலக் குறிப்போடு வைத்துப் பார்த்தேன். குறிப்பில் பசை மட்டும்தான் இருக்கிறது. தையலும் ஃபினிஷிங்கும் எங்கிருந்து வந்தன? வாக்கியத்துக்கு ஓசை சேர்க்க நானே போட்டவை. இப்படித்தான் மிகைப்படுத்தல் நுழைகிறது. திட்டமிட்டு யாரும் செய்வதில்லை. உண்மையில் அவற்றிலும் செய்திருந்தால் முதலில் மூலக் குறிப்பில் ஆதாரத்தோடு சேர்க்க வேண்டும். இல்லையென்றால் அடிக்க வேண்டும். கடைசி வரி இப்படித் திருந்துகிறது: "சோல் ஒட்டும் பிரிவில் குறையைத் தடுக்கும் பதிவேட்டு முறையை அமைத்திருக்கிறேன்."

லிங்க்ட்இனில் பெயருக்குக் கீழே வரும் தலைப்பு வரிக்கு 220 எழுத்துக்குறி வரை இடம் உண்டு. அறிமுகப் பகுதிக்கு 2,600 வரை. இடம் இருக்கிறதே என்று நிரப்ப வேண்டாம். கைபேசியில் அறிமுகத்தின் முதல் சில வரிகள்தான் தெரியும். மீதியைப் பார்க்கத் தட்ட வேண்டும். தலைப்பில் பதவி, பொருள், ஊர் மூன்றும் வந்துவிட்டால் தேடுபவருக்கு அகப்படுவோம்: "தரக்கட்டுப்பாட்டு சூப்பர்வைசர், பெண்கள் தோல் ஷூ, இறுதிப் பரிசோதனை, ஆம்பூர்."

இன்னொன்று. வாங்கும் பிராண்டின் பெயரையும், அடுத்த சீசன் மாடலின் படத்தையும் அங்கே போடக் கூடாது. அவற்றை வெளியிடக் கூடாது என்று வாங்குபவரோடு கம்பெனி ஒப்பந்தம் செய்திருப்பது வழக்கம். "ஐரோப்பியச் சந்தைக்கான பெண்கள் ஷூ" என்றால் போதும். பெருமையும் குறையாது, வேலையும் போகாது.

மூன்றாவது கையொப்பம். இதைப் படிப்பவர் இத்தாலியில் உட்கார்ந்திருக்கும் ஒரு மெர்ச்சண்டைசர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சரக்கு கிளம்ப வேண்டும், ஒரு சந்தேகம். அவருக்குத் தெரிய வேண்டியது மூன்று: எழுதியவர் யார், எந்த விஷயத்தில் பதில் சொல்லக்கூடியவர், எந்த எண்ணில் கூப்பிடுவது. பசைச் செய்திக்கு இங்கே இடமே இல்லை. பி.காமுக்கும் இல்லை. பொன்மொழிக்கு அறவே இல்லை.

> (முழுப் பெயர்)
> சூப்பர்வைசர், தரக்கட்டுப்பாடு – இறுதிப் பரிசோதனை
> (கம்பெனி பெயர்), ஆம்பூர், திருப்பத்தூர் மாவட்டம்
> அலுவலகம் +91 4174 … | கைபேசி +91 …

நான்கே வரி; ஆனால் தவறு அதிகம் நடப்பது இங்கேதான். நாம் 04174 என்று எழுதிப் பழகியவர்கள். +91 போட்டால் முன்னால் உள்ள பூஜ்யத்தை எடுத்துவிட வேண்டும். இல்லையேல் வெளிநாட்டிலிருந்து அழைப்பு வராது. ஆம்பூர் 2019 நவம்பரில் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டது. பல கையொப்பங்களில் இன்னும் வேலூர் மாவட்டமே இருக்கிறது. பெயருக்கு முன் "எஸ்." என்று இனிஷியல் போட்டால், அதையே பெயர் என்று எண்ணி "அன்புள்ள எஸ்" என்று பதில் எழுதும் வெளிநாட்டவர் உண்டு. சொந்தப் பெயரை முன்னால் வைத்து இனிஷியலைப் பின்னால் போட்டால் அந்தக் குழப்பம் தீரும்.

பதவியைக் கூட்டிச் சொல்லும் ஆசையும் இங்கே ஆபத்து. "தரக்கட்டுப்பாட்டுத் தலைவர்" என்று போட்டுக்கொண்டு "சரக்கை அனுப்பலாம்" என்று ஒரு மின்னஞ்சல் எழுதினால், வாங்குபவர் அதைக் கம்பெனியின் இறுதி முடிவாகவே எடுத்துக்கொள்வார். கம்பெனி கடைசியாகக் கொடுத்த கடிதத்தில் உள்ள பதவிதான் கையொப்பத்திலும் இருக்க வேண்டும். சுயவிவரம் உங்களுடையது, கையொப்பம் நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியுடையது. வேலை மாறும்போது அது உங்களோடு வராது.

முடிந்ததும் உங்களுக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கைபேசியில் திறந்து பாருங்கள். கம்பெனி சின்னத்தைப் படமாக வைத்திருந்தால், நாலு முறை பதிலுக்குப் பதில் போன பிறகு அந்தப் படமே நாலைந்து இணைப்பாகக் குவிந்திருக்கக்கூடும். அப்படியானால் படத்தை எடுத்துவிடுங்கள்.

பதவியோ எண்ணோ மாறினால் முதலில் மூலக் குறிப்பைத் திருத்தி, அடியில் தேதி போடுங்கள். பிறகுதான் மற்ற மூன்றும். லிங்க்ட்இனில் நேராகப் போய்த் திருத்தினால், ஆறு மாதத்தில் மூன்றும் மூன்று ஆட்களைப் பற்றிப் பேசும்.

அடுத்த வாரத்துக்குள் நியமனக் கடிதம், பி.எஃப். பாஸ்புக், சான்றிதழ் மூன்றையும் எடுத்து வைத்துக்கொண்டு உங்கள் மூலக் குறிப்பை எட்டு வரியில் எழுதிவிடுங்கள். ஆதாரம் இல்லாத வரி எதுவானாலும், எவ்வளவு அழகாக இருந்தாலும், அடித்துவிடுங்கள்.

(தொடரும்)